வயதைக் கேட்காதீர்கள், பிறந்த திகதியைக் கேளுங்கள்: கொழும்பின் குடிவரவு ஆலோசனை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியின் இரு பக்கங்களிலும் உங்கள் பெயர்ப்பலகைகளைக் காணாமல் நடக்க முடியாது. அவற்றில் பலவற்றில் "45 வயதுக்கு உட்பட்டவரா? அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கலாம்" என்ற வாசகம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. அந்த வாசகம் பொய்யல்ல. ஆனால் அதை நம்பிப் படியேறி வருபவருக்கு மிக அவசியமான செய்தி அதில் இல்லை. வயது எந்த நாளில் கணக்கிடப்படுகிறது, 45க்கு முன்னரே எந்தெந்தப் பிறந்த நாளில் புள்ளி குறைகிறது என்ற இரண்டையும் உங்கள் நிலையங்களில் பல தெளிவாகச் சொல்வதில்லை என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன். நான் உங்கள் தொழிலைச் சேர்ந்தவன் அல்லன். கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவன் என்பதால், உறவினரும் நண்பர்களும் தங்கள் கோப்புகளை ஒருமுறை பார்த்துத் தருமாறு கேட்பதுண்டு. அப்படிப் பார்த்த கோப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு குறையைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவின் புள்ளி அடிப்படையிலான திறன் விசாக்களில், அதாவது 189, 190, 491 ஆகிய மூன்றிலும், 18 முதல் 24 வயது வரை 25 புள்ளிகளும், 25 முதல் 32 வரை 30 புள்ளிகளும், 33 முதல் 39 வரை 25 புள்ளிகளும், 40 முதல் 44 வரை 15 புள்ளிகளும் வழங்கப்படுகின்றன. 45ஆவது பிறந்த நாள் வந்துவிட்டால் புள்ளி பூச்சியம் ஆவதோடு நின்றுவிடுவதில்லை, அந்த விசாவுக்கான தகுதியே போய்விடுகிறது. இந்த வயது, ஸ்கில்செலக்ட் இணையத்தளத்தில் ஈ.ஓ.ஐ. எனப்படும் விருப்பத் தெரிவிப்பைச் சமர்ப்பிக்கும் நாளிலும் அளக்கப்படுவதில்லை, விசா விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் அளக்கப்படுவதில்லை. விண்ணப்பிக்குமாறு அழைப்பு வழங்கப்படும் நாளில் அவருக்கு என்ன வயதோ அதுவே கணக்கு. அழைப்பு வந்த பின்னர் விண்ணப்பிக்கத் தரப்படும் 60 நாட்களுக்குள் பிறந்த நாள் வந்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. அழைப்புக்கு முந்திய நாள் பிறந்த நாள் வந்திருந்தால், ஈ.ஓ.ஐ. எத்தனை மாதங்களுக்கு முன்னர் போடப்பட்டிருந்தாலும் அதனால் பயனில்லை.

"ஈ.ஓ.ஐ. போட்டுவிட்டால் வயது அதோடு நின்றுவிடும், பயப்படாதீர்கள்" என்று உங்களில் சிலர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவருகிறீர்கள். இதை வேண்டுமென்று சொல்லும் ஏமாற்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று காரணங்களை என்னால் ஊகிக்க முடிகிறது. 2012 ஜூலை 1இல் ஸ்கில்செலக்ட் முறை வருவதற்கு முன்னர், விண்ணப்பதாரர் நேரடியாக விசா விண்ணப்பத்தையே அனுப்பினார், அனுப்பிய நாளின் வயதே அவருடைய வயதாக இருந்தது. அக்காலத்தில் தொழிலைக் கற்றவர்களிடமிருந்து கற்றவர்கள் அந்தப் பழைய விதியையும் சேர்த்துக் கற்றிருக்கலாம். இரண்டாவது காரணம், தொழில்வழங்குநர் பெயர் குறித்து அழைக்கும் 186ஆம் இலக்க விசாவில் இன்றும் விண்ணப்பிக்கும் நாளிலேயே 45க்குக் கீழ் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பது. ஒரே நாட்டின் இரண்டு விசாக்களில் வயது அளக்கப்படும் நாள் வேறுபடுவது குழப்பத்துக்கு இடமளிக்கிறது என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது காரணம்தான் அதிகம் பேரைச் சிக்கவைக்கிறது. ஈ.ஓ.ஐ. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயற்படு திகதி உண்டு. ஒரே அளவு புள்ளி வைத்திருக்கும் இருவரில், அந்தப் புள்ளியை முதலில் எட்டிய திகதி யாருடையதோ அவர் முன்னே அழைக்கப்படுவார். வரிசையில் ஒருவருக்குரிய இடத்தை மட்டுமே அந்தத் திகதி காட்டுகிறது, வயதுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஈ.ஓ.ஐ. இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லும்போது, கேட்பவர் தமது புள்ளிகளும் இரண்டு ஆண்டுகள் அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் பிறந்த நாளன்று இணையத்தளம் யாரையும் கேட்காமல் தானாகவே வயதுப் புள்ளியைக் குறைத்துவிடுகிறது. மின்னஞ்சலைக் கவனிக்காதவருக்கு அது நடந்ததே தெரியாமல் போகலாம், ஆலோசனை நிலையமும் மீண்டும் உள்ளே சென்று பார்ப்பதில்லை.

நான் பார்த்த ஒரு கோப்பை, ஆளை இனங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, இங்கே விரிவாக எடுத்துக்காட்டுகிறேன். கணவர் சிவில் பொறியியலாளர். முதன்முறை ஆலோசனை நிலையத்துக்குப் போனபோது அவருக்கு வயது 39. அங்கே நிரப்பக் கொடுத்த படிவத்தில் பெயர், தொழில், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றுக்கு அடுத்து "வயது" என்று ஒரு சிறிய கட்டம் இருந்தது, அதில் அவர் 39 என்று எழுதியிருக்கிறார். பிறந்த திகதி கேட்கப்படவில்லை. பிறந்த ஆண்டும் நாளும் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் நாட்டில், அந்த இலக்கத்தை வாங்கி எழுதிவிட்டு வயதை மட்டும் தனியே கேட்பது வேடிக்கைதான். அவர் பிறந்தது ஜூன் 14. படிவத்தை நிரப்பியது அவருக்கு 40 வயதாகும் ஆண்டுக்கு முந்திய ஆண்டின் ஜூலை மாதம், ஆகவே 40ஆவது பிறந்த நாளுக்கு ஏறக்குறைய பதினொரு மாதங்கள் இருந்தன.

அவருக்குக் காட்டப்பட்ட கணக்கு சரியானதே. வயதுக்கு 25, இளமாணிப் பட்டத்துக்கு 15, எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுபவத்துக்கு 15, ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் நான்கு பகுதிகளிலும் 7 எடுத்தால் 10, மனைவியின் ஆங்கிலத் தேர்ச்சிக்கு 5. மொத்தம் 70. ஆகக் குறைந்த எல்லை 65 என்பதால் "ஐந்து புள்ளி கூடவே இருக்கிறது, 45க்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த வசனத்தின் பின்பாதிதான் கேட்டைச் செய்தது. அவருக்கு இருந்தது ஐந்து வருடம் அல்ல, பதினொரு மாதம். 40 ஆனதும் 25 என்பது 15 ஆகிறது, 70 என்பது 60 ஆகிறது. 60 புள்ளியோடு 189ஆம் இலக்க விசாவுக்கு அழைப்புப் பெறவே முடியாது.

அந்தப் பதினொரு மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதையும் பாருங்கள். நிலையத்தின் கட்டணம் படிப்படியாகச் செலுத்தப்படும் முறையில் இருந்ததால் வேலையும் படிப்படியாகவே நடந்தது, அதாவது ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கியது. முதலில் ஆங்கிலப் பரீட்சை. எழுத்துப் பகுதியில் 6.5 வந்ததால் மீண்டும் எழுதி, ஜனவரியில்தான் நான்கிலும் 7 கிடைத்தது. அதன் பின்னரே எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா அமைப்புக்கான திறன் மதிப்பீட்டு அறிக்கையை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் செய்த மூன்று வேலைத்திட்டங்களைப் பற்றித் தனித்தனியே விரிவாக எழுத வேண்டிய அறிக்கை அது. பழைய தொழில்வழங்குநரிடமிருந்து கடமைகளை விபரிக்கும் கடிதம் பெறவும், சம்பளத்துக்குச் சான்றாக ஊழியர் சேமலாப நிதிக் கூற்றை எடுக்கவும் மேலும் வாரங்கள் போயின. மதிப்பீட்டு முடிவு ஏப்ரல் நடுப்பகுதியில் வந்தது, ஈ.ஓ.ஐ. ஏப்ரல் இறுதியில் போடப்பட்டது. 189ஆம் இலக்க விசாவுக்கான அழைப்புச் சுற்றுகள் மாதந்தோறும் நடப்பவையல்ல, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. ஏழு வாரங்களுக்குள் ஒரு சுற்று நடக்கும், அதில் தமது தொழிலும் அழைக்கப்படும் என்று எதிர்பார்ப்பது அதிர்ஷ்டத்தை நம்புவதாகும். ஜூன் 14 வந்தது, அழைப்பு வரவில்லை.

ஆங்கிலப் பரீட்சைக்கும் திறன் மதிப்பீட்டுக்கும் ஒன்றையொன்று காத்திருக்க வேண்டிய தேவை இந்தக் கோப்பில் அவ்வளவாக இருக்கவில்லை. வேலைத்திட்ட விபரங்களை எழுதுவதையும் தொழில்வழங்குநர் கடிதங்களைச் சேர்ப்பதையும் ஜூலையிலேயே தொடங்கியிருந்தால், ஜனவரியில் ஆங்கில முடிவு கையில் கிடைத்தபோது மற்ற எல்லாம் தயாராக இருந்திருக்கும். ஜூன் 14 என்ற திகதியைக் கோப்பின் முதற்பக்கத்தில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணியிருந்தால் இந்த ஒழுங்கு யாருக்கும் தானாகவே புலப்பட்டிருக்கும். திகதி தெரியாதபோது 39 என்ற எண் ஒருவரை அவசரப்படுத்துவதில்லை.

40ஆவது பிறந்த நாள் ஏன் இவ்வளவு கடுமையானது என்பதையும் உங்கள் ஆலோசகர்கள் விளக்க வேண்டும். 33 வயதில் 5 புள்ளி போகிறது, ஆனால் அந்த வயதில் பெரும்பாலானோருக்கு அனுபவம் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு 10 புள்ளி, எட்டு ஆண்டுக்கு 15 புள்ளி என்பதால், வயதில் போன 5 அனுபவத்தில் திரும்பி வந்துவிடுவதுண்டு. 40 வயதில் அப்படி எதுவும் நடக்காது. வெளிநாட்டு அனுபவத்துக்கான புள்ளி 15க்கு மேல் ஏறாது, அதுவும் அழைப்புக்கு முந்திய பத்து ஆண்டுகளுக்குள் செய்த வேலைக்கு மட்டுமே வழங்கப்படும். பட்டம் மாறப்போவதில்லை. ஆகவே 40 வயதில் இழக்கும் 10 புள்ளியை ஆங்கிலத்தை 7இலிருந்து 8க்கு உயர்த்தியோ, தமிழில் சமூக மொழிப் பரீட்சை எழுதி 5 புள்ளி பெற்றோ, மாநில நியமனத்தை நாடியோதான் ஈடுசெய்ய வேண்டும். 190ஆம் இலக்க விசாவில் மாநில நியமனத்துக்கு 5 புள்ளி, 491இல் 15 புள்ளி. ஆனால் அங்கும் வயது அழைப்பு நாளிலேயே அளக்கப்படுகிறது, மாநிலம் நியமனத்தை அங்கீகரித்த பின்னரே அந்த அழைப்பு வருகிறது. மாநிலம் கோப்பைப் பரிசீலிக்கும் காலத்திலும் வயது ஏறிக்கொண்டேயிருக்கும். 44 வயதானவரிடம் "மாநில நியமனத்துக்குப் போட்டிருக்கிறோம், இனிப் பிரச்சினை இல்லை" என்று சொல்வது இதனால்தான் ஆபத்தானது.

இந்தக் கோப்பில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. மனைவிக்கு வயது 35. கணினித்துறைப் பட்டதாரி, மென்பொருள் பொறியியலாளராக ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர், முதல் தடவையிலேயே ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் நான்கிலும் 7 எடுத்தவர். கணவரின் கோப்பில் அவர் 5 புள்ளிக்குரிய துணைவராக மட்டும் இருந்தார். அவரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்துக் கணக்கிட்டுப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரரின் வயதுக்கு மட்டுமே வயதுப் புள்ளி உண்டு, அந்த முதன்மை விண்ணப்பதாரர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15. கணினித்துறையினரை மதிப்பிடும் ஏ.சீ.எஸ். அமைப்பு, பட்டம் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தால் வழக்கமாக முதல் இரண்டு ஆண்டுகளைக் கழிக்கும். ஒன்பதில் இரண்டு போக ஏழு, அதற்கு 10 புள்ளி. ஆங்கிலத்துக்கு 10. கணவரிடம் ஏற்கெனவே சாதகமான திறன் மதிப்பீடும் போதிய ஆங்கிலமும் இருக்கின்றன, இருவரின் தொழில்களும் ஒரே பட்டியலில் உள்ளன, கணவர் 45க்குக் கீழே இருக்கிறார். ஆகவே துணைவருக்குரிய 10 புள்ளி முழுமையாகக் கிடைக்கும். மொத்தம் 70. கணவர் இழந்த அதே 70. இன்னும் ஓராண்டு வேலை செய்தால் அனுபவம் எட்டு ஆண்டாகி 75 ஆகும், 40 வயதாக அவருக்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. கணவரின் 39 வயதுக்கு இருந்த பதினொரு மாத நெருக்கடி இங்கே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, துணைவருக்குரிய அந்த 10 புள்ளிக்கும் துணைவர் 45க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. எனவே இந்தக் குடும்பத்தின் கோப்பில் இரண்டு திகதிகள் எழுதப்பட வேண்டும், மனைவியின் 40ஆவது பிறந்த நாளும் கணவரின் 45ஆவது பிறந்த நாளும்.

வருமானம் அதிகம் உள்ளவர், அல்லது பணம் கட்டுபவர், முதன்மை விண்ணப்பதாரர் ஆகிறார் என்பதே நான் பார்த்த கோப்புகளில் நடைமுறையாக இருந்தது. நம் குடும்பங்களில் கணவருக்கே வயது கூட இருப்பது வழமை என்பதால், வயதுப் புள்ளி குறைந்தவரையே நாம் பெரும்பாலும் முன்னே நிறுத்துகிறோம் என்பது இதன் விளைவு. இருவரின் கணக்கையும் எழுதி அருகருகே வைத்துக் காட்ட அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது.

புள்ளியைக் கூட்டிக் காட்டும் ஆசையைப் பற்றியும் ஒரு சொல். பிறந்த நாள் நெருங்கும்போது இழக்கப்போகும் புள்ளியை வேறெங்காவது எடுத்துவிட வேண்டும் என்று, ஏ.சீ.எஸ். கழித்துவிட்ட ஆண்டுகளையும் சேர்த்து ஈ.ஓ.ஐ.யில் அனுபவத்தைப் பதிந்த கோப்பொன்றைக் கண்டிருக்கிறேன். அழைப்பில் குறிப்பிடப்பட்ட புள்ளிக்குக் குறையாத புள்ளியை விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும். 75 என்று அழைக்கப்பட்டு 70ஐ மட்டுமே நிரூபிக்க முடிந்தால், 65 என்ற எல்லைக்கு மேல் இருந்தாலும் விசா மறுக்கப்படும், கட்டிய விண்ணப்பக் கட்டணமும் போய்விடும். ஈ.ஓ.ஐ. போடுவதற்கு அவுஸ்திரேலிய அரசு எந்தக் கட்டணமும் அறவிடுவதில்லை என்பதால், அந்தக் கட்டத்தில் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்ற உணர்வு வாடிக்கையாளருக்கு வருவதில்லை. அதை ஊட்ட வேண்டியவர்கள் நீங்கள்.

45 என்ற எண்ணை எல்லா நாடுகளுக்கும் பொதுவாகச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 45 வயதில் கதவு மூடப்படுவதில்லை, தரவரிசையில் வயதுக்கான புள்ளி மட்டும் பூச்சியமாகிறது. அங்கே துணைவரோடு செல்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 100 புள்ளி, அதன் பின்னர் 40 வரை ஒவ்வொரு பிறந்த நாளிலும் 5 புள்ளியும், 41 முதல் 44 வரை 10 புள்ளியும் குறைகின்றன. அவுஸ்திரேலியாவில் 33ஆவது பிறந்த நாளுக்கும் 40ஆவது பிறந்த நாளுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஒன்றும் நடக்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் 10 விழுகிறது, கனடாவில் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாகக் கரைகிறது. அழைப்புக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில் பிறந்த நாள் வந்து தரவரிசைப் புள்ளி குறைந்தால், அதற்காக ஒருவர் நிராகரிக்கப்படாதிருக்க அந்நாடு தனியே விலக்களித்திருக்கிறது. நியூசிலாந்து 2023 ஒக்டோபரில் கொண்டுவந்த முறையில் வயதுக்குப் புள்ளியே கிடையாது, விண்ணப்பிக்கும்போது 55 வயது அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் போதும். 46 வயதில் உங்கள் படிக்கட்டில் ஏறி வருபவரை "வயது போய்விட்டது" என்று திருப்பி அனுப்புவதும், 44 வயதானவரை "நேரம் இருக்கிறது" என்று உட்கார வைப்பதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவுமல்ல. உங்கள் விசாரணைப் படிவத்தில் "வயது" என்ற கட்டத்தை எடுத்துவிட்டுக் கணவன், மனைவி இருவரின் பிறந்த திகதிகளையும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதும் இரண்டு கட்டங்களை வையுங்கள். புள்ளிக் கணக்கைக் கொடுக்கும்போது இன்றைய மொத்தத்தோடு, அடுத்து வரும் 33, 40 அல்லது 45ஆவது பிறந்த நாளின் திகதியையும் அந்த நாளுக்குப் பின்னரான மொத்தத்தையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். வயது கணக்கிடப்படுவது அழைப்பு நாளில்தான், ஈ.ஓ.ஐ. நாளில் அல்ல என்பதை உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், அவர் கையொப்பமிடும் மொழியில், தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, ஒரு வரியாகச் சேருங்கள். அந்த வரியை வாசித்த பின்னரும் ஒருவர் முதல் தவணையைக் கட்ட முன்வந்தால், அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகங்களைத் தாண்டி நாள்தோறும் வேலைக்குச் செல்லும்
வெள்ளவத்தை வாசி ஒருவர்